கடலுக்கு அருகில் உள்ள ஊற்று இனிக்கிறது, தள்ளி உள்ள போர் கரிக்கிறது: எங்கள் ஆய்வில் எது சாரா மாறி?

கரையோர ஆசிரியை | 9 ஆகஸ்ட், இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கும் வேதாளைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஐவர், குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ஊர்க் கிணறுகளின் உப்புத்தன்மையை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் எழுதிய கருதுகோள் இது: "கடலுக்கு அருகில் உள்ள கிணறுகளில் உப்பு அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும்." கடலிலிருந்து உள்ள தூரத்தைச் சாரா மாறி என்றும், நீரின் மின்கடத்துதிறனைச் சார்ந்த மாறி என்றும் குறித்தார்கள். நிலையாக வைத்த மாறிகள் என்ற தலைப்பின் கீழ் "ஒரே பாட்டில், ஒரே மீட்டர், ஒரே மாணவர்" என்று எழுதினார்கள். அப்போது எனக்கும் அது போதும் என்றே தோன்றியது.

14 இடங்களில் நீர் எடுத்து அளந்தபோது முடிவு எங்களைக் குழப்பிவிட்டது. கரையிலிருந்து 150 மீட்டரில், பனைகளுக்கு நடுவே மணலில் தோண்டிய நாலடி ஊற்றில் 780 மைக்ரோசீமென்ஸ் மட்டுமே இருந்தது. அந்த நீரைத்தான் ஊரார் குடிக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஒரு வீட்டின் ஆழ்குழாய்க் கிணற்றில் 4,600 இருந்தது, அந்த நீரை வாயில் வைக்க முடியவில்லை. வரைபடத் தாளில் புள்ளிகளைக் குறித்தால் கோடு எதுவும் தெரியவில்லை, எறும்புக் கூட்டம் கலைந்ததுபோல இருக்கிறது.

மாணவர்கள் தங்கள் கருதுகோள் பொய்த்துவிட்டது என்று வருந்துகிறார்கள். பொய்த்தது கருதுகோளா, அல்லது நாங்கள் மாறிகளைப் பிரித்த முறையே பிழையா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. நிலையாக வைக்க வேண்டியவற்றில் எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று மட்டும் உணர்கிறேன். அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பாம்பன் மாணவன் | 9 ஆகஸ்ட், இரவு 10.15

வணக்கம் டீச்சர். நான் முதுகலை படிக்கிறேன். உங்கள் மாணவர்கள் எழுதிய பட்டியலில் பெரிய குறை இருக்கிறது. பாட்டிலும் மீட்டரும் அளவிடும் முறையைச் சேர்ந்தவை, கிணற்றைச் சேர்ந்தவை அல்ல. கிணற்றின் ஆழம், மண்ணின் வகை, மழையளவு, ஒரு நாளில் இறைக்கப்படும் நீர், வெப்பநிலை ஆகிய அனைத்தும் ஒன்றாக இருந்தால்தான் தூரத்தின் விளைவு தெரியும். இவற்றில் ஒன்றேனும் மாறினால் ஆய்வு செல்லாது. எனவே இந்த 14 அளவுகளையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே முறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருதுகோளை "வேறுபாடு இல்லை" என்றுதான் எழுத வேண்டும் என எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். "அதிகமாக இருக்கும்" என்று முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்து எழுதுவது ஆய்வாளருக்கு அழகல்ல.

மணலூற்று | 10 ஆகஸ்ட், காலை 6.30

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நிலத்தடி நீர் அளவிடும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கரையில் தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கிணறு கிணறாக நடந்திருக்கிறேன். உங்கள் மாணவர்கள் கண்டது மிகவும் அருமையான ஒன்று, அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் "ஒன்று மாறினாலும் செல்லாது" என்றால் திறந்த வெளியில் எந்த ஆய்வும் செல்லாது. ஆய்வகத்தில் குடுவையின் வெப்பநிலையை நம் கையால் நிறுத்த முடியும். ஊரில் எவருடைய கிணற்றின் ஆழத்தையும் நாம் மாற்றி வைக்க முடியாது. அங்கே ஒரு மாறியை நிலையாக வைப்பது என்றால், அது ஒன்றாக இருக்கும் கிணறுகளைத் தேர்ந்தெடுப்பது என்று பொருள். மழையை எவராலும் நிறுத்த முடியாது. ஆனால் எல்லா மாதிரிகளையும் இரண்டு நாட்களுக்குள், இடையில் மழை பெய்யாமல் எடுத்துவிட்டால், மழை அத்தனை கிணறுகளுக்கும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. தேர்வினாலும் அடக்க முடியாததை அளந்து எழுதி வைக்க வேண்டும். நிலையாக வைத்ததையும், அளந்து மட்டும் வைத்ததையும் அறிக்கையில் தனித்தனியே சொல்லிவிட்டால் நடுவர் கேட்கும் கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்துவிடும்.

இப்போது முதன்மையான செய்திக்கு வருகிறேன். "கடலுக்கு அருகில் உப்பு" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று மாணவர்களைக் கேளுங்கள். கடல் பக்கவாட்டில் நின்று மணலுக்குள் நனைந்து வருகிறது என்ற ஒரு படம் அவர்கள் மனத்தில் இருக்கும். மணற்கரையில் உண்மையில் நடப்பது வேறு. மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்பு நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நல்ல நீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால் கடல் நீரின் அடர்த்தி 1.025 ஆகும். இந்தச் சிறு வேறுபாட்டினால், கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல நீர் இருக்கலாம் என்று கணக்குச் சொல்கிறது. கணக்கில் வருவது கூர்மையான எல்லை. மண்ணுக்குள் இரண்டும் கலந்த அகலமான ஒரு பட்டையே இருக்கும், ஆகவே குடிக்கத்தக்க நீர் அத்தனை ஆழம் வரை இருக்காது.

1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில், இருபுறமும் கடல் தெரியும் மணலில் இன்றும் கையால் குழி தோண்டி நல்ல நீர் இறைத்துக் குடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே தூரம் ஒன்றுமே இல்லை, ஆழம்தான் எல்லாம். இரண்டடியில் நல்ல நீர் கிடைக்கும் இடத்தில் இருபதடிக்குப் போனால் கரிக்கும். உங்கள் நாலடி ஊற்று வில்லையின் மேல்தோலைத் தொடுகிறது, அந்த வீட்டுப் போர் வில்லையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டது. மாணவர்கள் நிலையாக வைக்கத் தவறிய ஆழம்தான் இந்த ஊரில் சாரா மாறியாக இருக்க வேண்டியது என்பது என் கருத்து.

"வேறுபாடு இல்லை" என்று எழுதுவது கணக்குப் பார்க்கும் கட்டத்துக்குத் தேவைப்படும் ஒரு துணை. மாணவரின் கருதுகோளில் திசை இருக்க வேண்டும், ஏன் அந்தத் திசை என்ற காரணமும் இருக்க வேண்டும். காரணம் எழுதியிருந்தால் "கடல் நீர் பக்கவாட்டில் வருவதால்" என்று எழுதியிருப்பார்கள். அப்போதே யாரேனும் தனுஷ்கோடியைச் சுட்டிக்காட்டியிருக்கலாம்.

கீழக்கரை வாசகி | 10 ஆகஸ்ட், பகல் 11.20

ஐயா, எங்கள் வீட்டு நிலையும் இதுதான், அதனால் இங்கேயே கேட்கிறேன். வளாகத்தின் பின்புறம் என் பாட்டி காலத்து உறைகிணறு இருக்கிறது. 14 அடிதான் ஆழம். அந்த நீரில்தான் இன்றும் பருப்பு வேகிறது, தேநீர் போடுகிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு முன்வாசலில் 70 அடிக்குப் போர் போட்டோம். முதல் ஆண்டு நன்றாக இருந்த நீர் பிறகு கரிக்கத் தொடங்கியது. இப்போது குளித்தால் தலைமுடி பிசுபிசுக்கிறது, குழாய்களில் வெள்ளையாகப் படிகிறது. இன்னும் 60 அடி இறக்கினால் நல்ல நீர் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். இறக்கலாமா, வேண்டாமா?

மணலூற்று | 10 ஆகஸ்ட், பிற்பகல் 2.05

அம்மா, உங்கள் வளாகத்துக் கீழ்மண்ணைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையாகாது. சில இடங்களில் களிமண் அடுக்குக்குக் கீழே வேறொரு நீர்த்தாங்கி இருப்பதுண்டு. ஆனால் முதல் ஆண்டு நன்றாக இருந்து பிறகு கரித்தது என்பது, மோட்டார் இழுக்க இழுக்கக் கீழிருந்த உப்பு நீர் கூம்பு போல மேலெழுந்து வந்ததன் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் இன்னும் இறக்குவது உப்பை நோக்கிப் போவதாகவே முடியும். செலவு செய்யும் முன் அக்கம்பக்கத்தில் அந்த ஆழத்துக்குப் போட்டவர்களின் நீரைச் சுவைத்துப் பாருங்கள்.

ஆசிரியை அவர்களே, இந்த அம்மா தம் கவலையைத்தான் கேட்டார். ஆனால் உங்கள் ஆய்வுக்குத் தேவையான அமைப்பை அவர் சொல்லிவிட்டார். ஒரே வளாகத்தில் ஓர் உறைகிணறும் ஒரு போரும் இருக்கின்றன. இரண்டுக்கும் கடலிலிருந்து உள்ள தூரம் ஒன்று. மேலே பெய்யும் மழையும், அருகிலுள்ள ஊருணியும், உப்பளமும் இரண்டுக்கும் பொது. மண்ணும் பெரும்பாலும் ஒன்றே. ஆழம் மட்டும் வேறு. பத்து மாறிகளை ஒவ்வொன்றாகத் தேடி நிலையாக வைக்க முயல்வதைவிட, இப்படிப்பட்ட இணைகளைத் தேடிப் பிடித்தால் இடம் சார்ந்த மாறிகள் அத்தனையும், நாம் பெயர் அறியாதவை உட்பட, ஒரேயடியாக நிலையாகிவிடுகின்றன. ஒவ்வொரு வளாகமும் தனக்குத் தானே ஒப்பீடு ஆகிவிடுகிறது.

பாம்பன் மாணவன் | 10 ஆகஸ்ட், மாலை 6.45

இணை அமைப்பு நல்ல யோசனை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தூரத்தை முற்றிலும் கைவிடுவதை நான் ஏற்கவில்லை ஐயா. ஆழம், தூரம் இரண்டையும் சாரா மாறிகளாக வைத்து, 40 கிணறுகளில் அளந்து, இரண்டின் பங்கையும் பிரித்துக் காட்ட முடியும். மேலும் மண்டபம் பகுதியில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இருபுறமும் கடல் இருக்கும்போது, மாணவர்கள் எந்தக் கடலிலிருந்து தூரத்தை அளந்தார்கள் என்பதே அறிக்கையில் இல்லை. தெற்குக் கரையிலிருந்து மட்டும் அளந்திருந்தால், "தள்ளியிருக்கும்" வீடு வடக்குக் கடலுக்கு அருகில் இருந்திருக்கலாம்.

மணலூற்று | 10 ஆகஸ்ட், இரவு 7.30

இருபுறக் கடல் பற்றிய கேள்வி மிகச் சரியானது தம்பி, நான் கேட்கத் தவறியது. சாரா மாறியை எழுதும்போது அதை எங்கிருந்து எங்கே வரை எப்படி அளந்தோம் என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். "தூரம்" என்ற ஒற்றைச் சொல் மாறி ஆகாது. "அருகிலுள்ள கரையின் உயர்நீர்க் கோட்டிலிருந்து" என்று எழுதினால்தான் மற்றொருவர் அதே எண்ணைப் பெற முடியும்.

40 கிணறுகள் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கட்டும். ஐந்து மாணவர்கள் இரண்டு சனிக்கிழமைகளில் செய்யும் வேலைக்கு ஒரு சாரா மாறியே தாங்கும் என்பது என் அனுபவம்.

போர்க்காரர் மகன் | 11 ஆகஸ்ட், காலை 9.10

எங்கள் குடும்பத் தொழில் போர் போடுவது. ஆழத்தைச் சாரா மாறியாக வைப்பதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர் "70 அடி" என்று சொல்வார். அது குழி இறங்கிய ஆழம். நீர் எந்த ஆழத்தில் குழாய்க்குள் நுழைகிறது என்பது ஃபில்டர் பைப் எங்கே வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கம் பெரும்பாலும் அடியில் 10 அடிக்கு ஃபில்டர் வைப்போம், ஆனால் சிலர் நடுவிலும் ஒன்று வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் மேல்நீரும் கீழ்நீரும் குழாய்க்குள்ளேயே கலந்துவிடும். பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும் இதே கலப்பு நடக்கும். 70 அடிப் போரின் நீர் என்று நீங்கள் அளப்பது 15 அடி நீராகவும் இருக்கலாம்.

மோட்டார் போட்டவுடன் வரும் முதல் நீரையும் பிடிக்காதீர்கள். இரவெல்லாம் குழாயில் நின்ற நீர் அது. நாங்கள் வீட்டுக்காரருக்குக் காட்டும்போதே பத்து நிமிடம் ஓடவிட்டுத்தான் சுவைக்கச் சொல்வோம்.

தரையும் மேடு பள்ளமாக இருக்கும். மணல் மேட்டின் உச்சியில் தோண்டிய 15 அடிக் கிணறும், தரவையில் தோண்டிய 15 அடிக் கிணறும் ஒரே ஆழம் அல்ல. மேட்டுக் கிணற்றின் அடி கடல் மட்டத்துக்கு மேலேகூட இருக்கலாம்.

கரையோர ஆசிரியை | 12 ஆகஸ்ட், இரவு 9.00

அனைவருக்கும் நன்றி. இன்று மாணவர்களுடன் அமர்ந்து, நீங்கள் எழுதியவற்றை வரிவரியாகப் படித்தோம். முதலில் ஒரு பிழை எங்களிடமே வெளிப்பட்டது. 14 இடங்களில் இரண்டை, மீட்டர் போதாமையால், கடையில் வாங்கிய டி.டி.எஸ். பேனாவால் அளந்திருந்தார்கள். அதில் ஒன்று 310 என்று பதிவாகியிருந்தது. அந்தக் கிணற்று நீர் உப்பு என்று ஊரே சொல்கிறது. மறுபடியும் போய் அளந்தபோது, திரையின் ஓரத்தில் x10 என்ற சிறு குறி தெரிவதை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். 310 அல்ல, 3,100. அதுவும் மின்கடத்துதிறன் அல்ல, பேனா தன் கணக்கில் மாற்றிக் காட்டும் பி.பி.எம். அளவு. வரைபடத்தில் கோடு தெரியாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு.

புதிய கருதுகோளை இவ்வாறு எழுதியிருக்கிறார்கள்: "கடல் நீர் ஊடுருவுவதால் ஆழமான கிணறுகளில் உப்பு அதிகமாக இருக்கும்." ஏற்கெனவே அளந்த 14 இடங்களை ஆழத்தின்படி அடுக்கிப் பார்த்தால், ஆழமானவை பெரும்பாலும் உப்பாகவே வருகின்றன. இதையே முடிவாக எழுதிவிடலாமா என்று கேட்கிறார்கள். வேலை முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு மகிழ்ச்சி. எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது.

மணலூற்று | 13 ஆகஸ்ட், காலை 6.50

உங்களுக்கு உறுத்துவது சரியான இடத்தில்தான். இந்த 14 அளவுகளைப் பார்த்த பிறகுதான் ஆழம் என்ற எண்ணமே பிறந்தது. எந்த அளவுகளிலிருந்து ஒரு கருதுகோள் பிறந்ததோ, அதே அளவுகளைக் கொண்டு அதைச் சோதிப்பது, விடைத்தாளைப் பார்த்துவிட்டு வினா எழுதுவதாகும். அவை புதிய கருதுகோளுக்குத் தோற்றுவாய், சான்று அல்ல. இதுவரை தொடாத வளாகங்களில் அளக்க வேண்டும். முதல் கருதுகோளையும் அது பொய்த்த விதத்தையும் அறிக்கையின் முதல் பகுதியாக அப்படியே வைத்துவிடுங்கள், அதை அழித்துவிட்டுத் தொடக்கத்திலேயே ஆழத்தை எண்ணியதாகக் காட்ட வேண்டாம்.

அடுத்து, "கடல் நீர் ஊடுருவுவதால்" என்ற சொற்கள். மின்கடத்துதிறன் நீரில் கரைந்த உப்புகள் எத்தனை என்பதைச் சொல்லும், அவை எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லாது. கழிவுநீர்த் தொட்டியின் கசிவும் அதைக் கூட்டும், இறால் பண்ணைக் குளத்தின் கசிவும் கூட்டும், முற்காலத்தில் கடல் மூடியிருந்தபோது களிமண்ணில் சிக்கிய பழைய உப்பும் கூட்டும். காரணத்தை எழுதுங்கள், ஆனால் அது எதிர்பார்ப்புக்கான காரணமாக நிற்கட்டும். ஆய்வு மெய்ப்பிக்கும் முடிவாக அதை எழுத வேண்டாம். நான் இவ்வாறு எழுதுவேன்:

"மண்டபம் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதப்பதாகக் கொண்டால், ஒரே வளாகத்தில் உள்ள 20 அடிக்குக் குறைவான கிணற்றின் நீரைவிட, 40 அடிக்குக் கீழே ஃபில்டர் உள்ள ஆழ்குழாய்க் கிணற்றின் நீரில் மின்கடத்துதிறன் அதிகமாக இருக்கும்."

இதில் சாரா மாறி நீர் நுழையும் ஆழம். போர்க்காரர் மகன் சொன்னதற்குப் பிறகு "கிணற்றின் ஆழம்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சார்ந்த மாறி 25 டிகிரிக்குத் திருத்திய மின்கடத்துதிறன். ஒரு டிகிரி கூடினால் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் கூடும் என்பதால், வெயிலில் நின்ற பாட்டிலும் நிழலில் இருந்த பாட்டிலும் ஒரே நீருக்கு வெவ்வேறு எண்ணைக் காட்டும். உங்கள் மீட்டர் தானே திருத்துகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லா பாட்டில்களையும் வகுப்பறை வாளியில் ஒரு மணி நேரம் ஒன்றாக வைத்துவிட்டு அளங்கள்.

இடம் சார்ந்தவை இணையினால் நிலையாகிவிடும். இணையினால் நிலையாகாதவை சில உண்டு. போரில் மோட்டார் ஓடுகிறது, உறைகிணற்றில் வாளி போடுகிறார்கள், இரண்டிலும் இறைப்பு ஒன்றல்ல. இதை நிலையாக வைக்க வழியில்லை, அளந்து எழுதுங்கள். இரண்டு மாதிரிகளையும் அரை மணி நேரத்துக்குள் எடுங்கள். போரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், பாட்டிலை அந்தந்த நீராலேயே மூன்று முறை அலசுங்கள். ஒரே மீட்டரை 1,413 மைக்ரோசீமென்ஸ் அளவுத் திரவத்தில் காலையும் மாலையும் சரிபாருங்கள். இரண்டு வேளையும் எண் ஒத்துவந்தால் நாள் முழுவதும் மீட்டர் நகரவில்லை என்று கொள்ளலாம். தரையின் மேடு பள்ளத்தைக் கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய டியூபினால் பார்த்துவிடலாம். ஒரு வளாகத்துக்குள் இரண்டடிக்கு மேல் வேறுபாடு இருந்தால் குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. எத்தனை இணைகள் எதிர்த்திசையில் வந்தால் கருதுகோளைக் கைவிடுவீர்கள் என்பதை இப்போதே, அளக்கப் போகும் முன்பே, நோட்டில் எழுதி நாள் போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஆழத்துக்குப் பங்கு எதுவும் இல்லையென்றால் ஒவ்வோர் இணையும் நாணயம் சுண்டுவது போன்றது. ஏழு இணைகள் கிடைத்து ஏழும் எதிர்பார்த்த திசையில் வருவதற்கு வாய்ப்பு 128-இல் 1. தம்பி கேட்ட "வேறுபாடு இல்லை" என்ற வாக்கியத்துக்கு இங்கேதான் வேலை வருகிறது.

போர்க்காரர் மகன் | 13 ஆகஸ்ட், இரவு 8.20

ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. போட்டவரிடம் கேட்டால் நோட்டில் இருக்கும். எங்கள் நோட்டில் இருப்பவற்றை வீட்டுக்காரர் அனுமதி பெற்று மாணவர்களுக்குக் காட்டுகிறேன்.

கரையோர ஆசிரியை | 7 செப்டம்பர், இரவு 8.15

முன்பு அளக்காத வளாகங்களில் ஏழு இணைகள் கிடைத்தன. ஃபில்டர் ஆழம் நோட்டில் உறுதியானவை ஐந்து, வீட்டுக்காரர் சொல்லை நம்பியவை இரண்டு. அவற்றைத் தனியே குறியிட்டோம். "இரண்டோ அதற்கு மேலோ எதிர்த்திசையில் வந்தால் கைவிடுவோம்" என்று மாணவர்கள் முன்பே எழுதிக் கையெழுத்திட்டார்கள். மழை இல்லாத இரண்டு நாட்களில் அளந்து முடித்தோம். மீட்டர் அளவுத் திரவத்தில் காலையில் 1,410, மாலையில் 1,420 காட்டியது.

ஏழில் ஆறு வளாகங்களில் போர் நீரே உப்பு. மிகப் பெரிய இடைவெளி 900-க்கும் 5,200-க்கும் இடையே, மிகச் சிறியது 1,150-க்கும் 1,400-க்கும் இடையே. அந்தச் சிறிய இடைவெளி, வீட்டுக்காரர் சொல்லை நம்பிய இரண்டில் ஒன்று. நடுவில் இன்னொரு ஃபில்டர் இருக்குமோ என்று ஐயுறுகிறோம்.

ஏழாவது வளாகத்தில் நேர்மாறாக வந்தது. 16 அடி உறைகிணற்றில் 3,900, போரில் 2,700. மாணவர்கள் மீண்டும் அலசி மீண்டும் அளந்தார்கள், எண் மாறவில்லை. பிறகு சுற்றிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி மீன் உப்பிடும் தொட்டி இருந்தது. கருவாடு போடும் அந்த வீட்டார், தொட்டி நீரை அங்கேயே மணலில் கொட்டுகிறார்கள். உப்பு மேலிருந்து இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறோம். இந்த ஓர் இணையை நீக்கிவிட்டு ஆறுக்கு ஆறு என்று எழுதலாமா?

பாம்பன் மாணவன் | 7 செப்டம்பர், இரவு 9.30

நீக்கலாம் என்றே நினைக்கிறேன் டீச்சர். காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. நிலையாக இருக்க வேண்டிய ஒன்று அங்கே நிலையாக இல்லை. மேற்பரப்பில் உப்புக் கொட்டப்படும் இடம் என்பதால், உங்கள் கருதுகோள் பேசும் நிலைமையே அங்கு இல்லை.

மணலூற்று | 8 செப்டம்பர், காலை 6.40

காரணம் ஏற்கத்தக்கது, நீக்குவது ஏற்கத்தக்கதல்ல. எண் நமக்கு எதிராக வந்த பிறகுதான் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். மற்ற ஆறு வளாகங்களில் கிணற்றின் அருகே என்ன கொட்டுகிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லையே. அங்கேயும் ஏதேனும் இருந்து, அது நமக்குச் சாதகமாக எண்ணைத் தள்ளியிருந்தால் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஏழில் ஆறு என்றே எழுதுங்கள். ஆழத்துக்குப் பங்கு இல்லாதபோது ஆறோ ஏழோ எதிர்பார்த்த திசையில் வருவதற்கு வாய்ப்பு 128-இல் 8, அதாவது 16-இல் 1. ஏழுக்கு ஏழு வந்திருந்தால் கிடைத்திருக்கும் உறுதி இதில் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாணவர்கள் முன்பே எழுதிய விதியின்படி கருதுகோள் கைவிடப்படவில்லை. மீன் உப்பிடும் தொட்டியை ஒரு ஐயமாக அடுத்த பத்தியில் வையுங்கள், மற்ற ஆறு வளாகங்களுக்கும் மீண்டும் போய் 50 அடிச் சுற்றில் இருப்பவற்றைக் குறித்து வாருங்கள்.

பாம்பன் மாணவன் | 8 செப்டம்பர், காலை 10.05

அப்படியானால் "50 அடிச் சுற்றில் உப்புத் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, இறால் குளம் இல்லாத வளாகம்" என்பதைத் தேர்வு விதியாகத் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்தே கெட்ட ஓர் அளவைக் கணக்கில் சேர்ப்பது மட்டும் நேர்மையா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை ஐயா. இரண்டு கணக்கையும் அருகருகே காட்டினால் என்ன?

மணலூற்று | 8 செப்டம்பர், காலை 10.40

காட்டலாம். ஏழு உள்ள கணக்கு முதலில் வரட்டும்.

கீழக்கரை வாசகி | 8 செப்டம்பர், மாலை 5.15

போரை மேலும் இறக்கவில்லை ஐயா. பக்கத்துத் தெருவில் 130 அடிக்குப் போட்டவரின் நீரைச் சுவைத்துப் பார்த்தேன், எங்களுடையதைவிடக் கரித்தது. ஆசிரியை அவர்களே, எங்கள் வளாகத்துக் கிணற்றுக்கு அருகே உப்பிடும் தொட்டி எதுவும் இல்லை. ஆனால் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது, எத்தனை அடி தள்ளி என்று இன்று டேப் வைத்து அளந்தேன், 62 அடி. உங்கள் மாணவர்களுக்குப் பயன்படுமானால் வந்து அளக்கலாம்.

கரையோர ஆசிரியை | 8 செப்டம்பர், இரவு 8.50

மிக்க நன்றி அம்மா. கீழக்கரை எங்கள் கருதுகோளில் எழுதியுள்ள எல்லைக்கு வெளியே இருப்பதால் இந்த அறிக்கையில் சேர்க்க முடியாது என்று மாணவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் ஜனவரியில், வடகிழக்குப் பருவமழை முடிந்தபின், இதே ஏழு வளாகங்களையும் மீண்டும் அளக்க எண்ணியிருக்கிறார்கள். அப்போது ஆழத்துக்குப் பதிலாகப் பருவம் சாரா மாறியாகும், ஒவ்வொரு கிணறும் ஆகஸ்ட் இறுதியில் எடுத்த தன் எண்ணோடு ஒப்பிடப்படும். மழையினால் உறைகிணறு எவ்வளவு நீர்க்கும், போர் நீர்க்குமா நீர்க்காதா என்பதில் அவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இருவர் ஒரு கருதுகோளும் மூவர் வேறொரு கருதுகோளும் எழுதி, இரண்டையும் நாள் போட்டு நோட்டில் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டை அந்தச் சுற்றில் புதிய இடமாகச் சேர்க்க வேண்டுமானால், மழைக்கு முன்னான அளவு இப்போதே தேவை. வரும் சனிக்கிழமை காலை வரலாமா?

கீழக்கரை வாசகி | 8 செப்டம்பர், இரவு 9.05

வாருங்கள். அன்று மோட்டாரைக் காலையில் போடாமல் வைத்திருக்கிறேன், நீங்கள் வந்த பிறகு பத்து நிமிடம் ஓடவிடலாம்.